50 சொல்லில் பேச்சாளர் குறிப்பு: ஒருவழியாக முடிந்தது

டர்பனில் தமிழாசிரியர் மாநாடு ஒன்றின் நிகழ்ச்சி நிரலுக்கு என்னைப் பற்றி 50 சொல்லுக்குள், படர்க்கையில் கேட்டார்கள். கையில் இருந்ததோ முழுப் பக்கம், எல்லாம் தன்மையில். கடைசியிலிருந்து வெட்டினேன், பட்டங்கள் மட்டும் மிஞ்சின, வகுப்பறை போய்விட்டது. சரி, வாக்கியங்களைச் சுருக்கலாம் என்றால் தந்தி மாதிரி ஆனது.

'நான்' என்று தேடி 'அவர்' ஆக்கினால் "அவர் கற்பிக்கிறேன்" என்று நிற்கிறது, எழுவாய் இல்லாத வாக்கியங்களோ தேடலில் சிக்கவே இல்லை. 'ேன்' என்ற விகுதியைத் தேடியபோதுதான் எல்லாம் அகப்பட்டன. 'என்', 'எங்கள்' இரண்டையும் தனியாகத் தேட வேண்டும்.

நீளத்துக்கு உதவியது வேறு. பழையதை மூடிவிட்டு, உரைத் தலைப்பை மேலே எழுதி, இதைப் பேச இவருக்கு என்ன அனுபவம் என்பதற்கு மட்டும் பதில் எழுதினேன். பெயருக்கு அப்புறம் வந்தது இவ்வளவுதான்:

"சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறார். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்கு, பேச்சில் தொடங்கி எழுத்துக்குப் போகும் பாடங்களை உருவாக்கியவர். அவற்றில் முதல் பருவப் பாடங்களை இந்த உரையில் பகிர்கிறார்."

கணக்கியல் பட்டத்துக்கு இதில் இடமில்லை. வணிகர் கூட்டம் என்றால் அதுதான் முதல் வரி.