ஸ்டாண்டர்டு சரி, சீரம் தப்பு: என்சைம் முறையில் கொலஸ்ட்ரால் அளப்பது

இந்த டெஸ்டில் நாம் உண்மையில் அளப்பது ஒரு சிவப்பு நிறத்தைத்தான். அந்த நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்தால், ரிசல்ட் எங்கே தப்பும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் மூன்று டியூபில் தலா 1 மில்லிலிட்டர் ரீஏஜென்ட் எடுங்கள். ஒன்றில் 10 மைக்ரோலிட்டர் தண்ணீர் (இது பிளாங்க்), அடுத்ததில் அதே அளவு ஸ்டாண்டர்டு, அதாவது கொலஸ்ட்ரால் அளவு முன்பே தெரிந்த கரைசல்; மூன்றாவதில் சீரம். பைபெட் முனையில் சின்னக் குமிழி இருந்து 1 மைக்ரோலிட்டர் குறைந்தாலே ரிசல்ட் 10 சதவீதம் இறங்கிவிடும், கவனம்.

கலக்கி 37 டிகிரியில் 5 நிமிடமோ, கிட்டில் சொன்ன நேரமோ வையுங்கள். உள்ளே மூன்று வேலை நடக்கிறது. சீரத்தில் சுமார் 70 சதவீதக் கொலஸ்ட்ரால் கொழுப்பு அமிலத்தோடு ஒட்டி, எஸ்டராக இருக்கும். எஸ்டரேஸ் என்சைம் அதைப் பிரித்துவிடும். அப்புறம் ஆக்சிடேஸ் கொலஸ்ட்ராலை மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். பெராக்சிடேஸ் அதை வைத்து நிறம் உண்டாக்கும். பிளாங்கில் பூஜ்யம் வைத்து, 505 நானோமீட்டரில் ரீடிங் எடுங்கள்.

```
கொலஸ்ட்ரால் = (சீரம் ரீடிங் ÷ ஸ்டாண்டர்டு ரீடிங்) × 200
```

200 என்பது ஸ்டாண்டர்டின் அளவு, டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்.

இனி ஒரு கணக்கு. ஸ்டாண்டர்டு ரீடிங் வழக்கம்போல 0.320. டெஸ்ட் சரியாக நடக்கிறதா என்று பார்க்க வைக்கும், அளவு தெரிந்த கண்ட்ரோல் சீரத்தில் கொலஸ்ட்ரால் 180, அதனால் 0.288 வர வேண்டும். வந்ததோ 0.238, அதாவது 149. ஸ்டாண்டர்டு சரியாக இருக்கும்போது இது மட்டும் ஏன் குறைந்தது?

பல கிட்களில் ஸ்டாண்டர்டு என்பது எஸ்டர் இல்லாத வெறும் கொலஸ்ட்ரால். அதற்கு எஸ்டரேஸ் தேவையே இல்லை. ரீஏஜென்ட் பழசாகி எஸ்டரேஸ் சோர்ந்துபோனாலும் ஸ்டாண்டர்டு காட்டிக்கொடுக்காது. 180-ல் எஸ்டர் 126. அதில் முக்கால்வாசிதான் பிரிந்தால் 94.5. ஏற்கெனவே தனியாக இருந்த 54-ஐச் சேர்த்தால் 148.5. கணக்கு பொருந்துகிறதா? உறுதிசெய்ய இன்னும் 10 நிமிடம் விட்டுப் பாருங்கள். ஸ்டாண்டர்டு அசையாமல் நிற்க, சீரம் ரீடிங் மட்டும் ஏறினால் குற்றவாளி எஸ்டரேஸ்தான். ரீஏஜென்டை மாற்றுங்கள். ஸ்டாண்டர்டை மட்டும் நம்பி கண்ட்ரோலைத் தவிர்ப்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

சரி, கண்ட்ரோல் ஒழுங்காக வந்து, ஒரே ஒருவரின் ரிசல்ட் மட்டும் நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால்? அப்போது ரீஏஜென்டை விட்டுவிட்டு சாம்பிளைப் பாருங்கள். அதிக அளவு வைட்டமின் சி ஏற்றப்பட்டவரின் சீரத்தில், நிறமாக மாற வேண்டிய பெராக்சைடை அந்த வைட்டமினே தின்றுவிடும். பிலிரூபின் மிகுந்த மஞ்சள் சீரமும் இப்படிக் குறைத்துக் காட்டலாம். பால்போலக் கலங்கிய சீரம் இதற்கு நேர்மாறு: கலங்கலே ஒளியை மறைப்பதால் ரிசல்ட் கூடும். அதற்கு 1 மில்லிலிட்டர் சலைனில் 10 மைக்ரோலிட்டர் சீரம் கலந்து தனியாக ஒரு ரீடிங் எடுத்து, அதைக் கழித்துவிடலாம். வைட்டமின் சி விஷயத்தில் அப்படிக் கழிக்க எதுவும் இல்லை. மருந்து உடலை விட்டு நீங்கிய பிறகு புது சாம்பிள் கேட்க வேண்டியதுதான்.