செயலியை நீக்கினாலும் பணம் போகும்: சந்தா கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். சென்ற மாதம் கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, செயலியை அன்றைக்கே நீக்கிவிட்டேன், இன்னும் பணம் போகிறது" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் மகளின் ஆங்கிலப் பயிற்சிச் செயலியில் நான் செய்த அதே பிழை. ஏழு மாதம் வீணாகக் கட்டினேன்.

பெரும்பாலான செயலிகளின் விதிமுறைகளில் ஒரு வரி இருக்கும்: இவற்றை நாங்கள் அவ்வப்போது மாற்றலாம், நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தினால் மாற்றத்தை ஏற்றதாகப் பொருள். படித்தாலும் அந்த வரியை நம்மால் அடிக்க முடியாது. ஆகவே "படித்துப் பார்த்து அழுத்துங்கள்" என்ற அறிவுரையை விட்டுவிடுகிறேன்.

'அதிகபட்சம்' என்ற எண்ணைப் பார்க்காமல் பின் எண்ணைப் போடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி. வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் முழுவதும் ஒரு படச் சேமிப்புச் செயலியில் இருந்தன. மாதச் சந்தா 149 ரூபாய் என்று பேரன் சேர்த்துவிட்டான். மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபேக்கு அனுமதி கேட்ட திரையில் 149 பெரிதாகவும், அதன் கீழே 'அதிகபட்சம் 2,000' என்று சிறிதாகவும் இருந்திருக்கிறது. பின் எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஓராண்டு கழித்து நிறுவனம் விதிமுறையை மாற்றிச் சந்தாவை 399 ஆக்கியது. வங்கி மறுபடி அனுமதி கேட்கவில்லை. 399 என்பது 2,000-க்குள் அடக்கம்தானே! ஐந்து மாதத்தில் 1,250 ரூபாய் கூடுதலாகப் போன பிறகுதான் ஆச்சி பாஸ்புக்குடன் வந்தார். "நான் சரி என்று சொல்லவே இல்லையே தம்பி" என்றார். சொல்லியிருந்தார், முதல் நாளிலேயே, அந்தச் சிறிய எண்ணுக்கு.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோபே இரண்டு வகை. தொகை நிலையானது என்றால், அதை மாற்ற உங்களிடம் மறுபடி அனுமதி வாங்கியாக வேண்டும். மாறும் தொகை என்றால், நீங்கள் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு வரை கேட்காமலே எடுக்கலாம். சாதாரணச் சந்தாக்களில் இப்படி ஒருமுறைக்கு 15,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே போகும். சந்தாவை ஒட்டிய வரம்பைத் தவிர வேறு எதற்கும் அனுமதி தராதீர்கள். வரம்பைக் குறைக்கத் திரையில் வழி இல்லையென்றால் ஆட்டோபே வேண்டாம், மாதாமாதம் கையால் கட்டுங்கள்.

பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தொகையும் தேதியும் குறித்து அறிவிப்பு வர வேண்டும். ஆச்சிக்கும் ஐந்து முறை வந்திருந்தது, ஆங்கிலத்தில், கடன் விளம்பரங்களுக்கு நடுவில். அந்த ஒரு நாளில் அனுமதியை ரத்து செய்திருக்கலாம்.

செயலியை முதலில் நீக்குவது

செயலி போனாலும் அனுமதி வங்கியில் அப்படியே நிற்கும். ஆச்சிக்கு நாங்கள் செய்த வரிசை இது. முதலில் படங்கள் முழுவதையும் இறக்கி ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். சந்தா நின்றபின் கணக்கை முடக்கிவிட்டால் படங்கள் கைக்கு வராது. பிறகு யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்தோம். அடுத்து நிறுவனத்துக்கு எழுதிக் கணக்கை மூடினோம். செயலியை நீக்கியது கடைசியில்தான்.

பழைய விதிமுறையைச் சேமிக்காதது

மாற்றியபின் பழைய பக்கம் இருக்காது. சேரும் அன்றே பிடிஎஃப் எடுத்துத் தேதியிட்டு வையுங்கள். தவறவிட்டவர்கள் `web.archive.org` தளத்தில் அந்த முகவரியைத் தேடலாம். ஆச்சிக்கு அங்கேதான் பழைய விலைப் பக்கம் கிடைத்தது.

தொலைபேசியில் சண்டை போடுவது

மின்னஞ்சல் எழுதுங்கள்.

தவறான கதவைத் தட்டுவது

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் இசைய வேண்டும் என்கிறது. அந்த இசைவை முன்கூட்டியே வாங்கிவிட்டதாக நிறுவனம் வாதிடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு வகை உண்டு. ஒருதலையாக விதிமுறையை மாற்றுவது அங்கே நேராகச் சொல்லப்படவில்லை. நியாயமற்ற கட்டணத்தையும் நிபந்தனையையும் சுமத்துவது என்ற கூறில் வைத்துத்தான் வாதிட வேண்டும். அந்த வாதத்தைக் கேட்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே உண்டு. சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்றால் மாவட்ட ஆணையம் போதும். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்.

ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு ஆச்சி வழக்குப் போடவில்லை. பழைய விலைப் பக்கத்தையும் ஐந்து மாதப் பற்றையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். உதவி எண் தீர்ப்புச் சொல்லாது, புகாரை நிறுவனத்திடம் கொண்டு சேர்க்கும். மூன்று வாரத்தில் இரண்டு மாதக் கூடுதல் தொகை, 500 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 750 வரவில்லை. ஹார்ட் டிஸ்க் இப்போது ஆச்சியின் பீரோவில், பத்திரங்களோடு இருக்கிறது.