ஆச்சி கதையில் வரும் மாமாவையும் சித்தப்பாவையும் ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

என் அண்ணன் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அவர்களுக்காகத்தான் எங்க ஆச்சி பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்ன கதைகளை ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். முதல் கதையே சாஸ்தா கோயிலில் எனக்கு நடந்த காதுகுத்து. மூன்றே வரியில் சிக்கிக்கொண்டேன்.

"உங்க மாமா வரலைன்னு உங்கம்மை பச்சைத்தண்ணி குடிக்கல. சித்தப்பா, ‘நான் மடியில வச்சுக்கிடுதேன்’னாவ. நான் விடல."

இரண்டு பேரையும் ‘அங்கிள்’ என்று எழுதினால் ஒரு அங்கிள் வரவில்லை, இன்னொரு அங்கிள் வந்து நிற்கிறார், ஆச்சி ஏன் தடுக்கிறார் என்பது புரியாது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது காணாமல் போகிறது.

முதல் படி: சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். சித்தப்பா என்றதும் அப்பாவின் தம்பி என்று எழுதிவிட்டேன். ஆச்சியிடம் வாசித்துக் காட்டியபோது, "அது உங்க சித்தி வீட்டுக்காரவல்லா!" என்றாள். அம்மாவின் தங்கை புருஷனும் நமக்குச் சித்தப்பாதான். அதேபோல அத்தை புருஷனும் மாமாதான், ஆனால் மடியில் வைக்கிற உரிமை அம்மாவின் உடன்பிறந்தானுக்கு.

இது ஏதோ சொல் பற்றாக்குறையால் வந்ததல்ல. அத்தை மகன், மாமன் மகள் என்று முறைக்குள்ளேயே கட்டிக்கொடுத்து வந்த சமூகங்களில் அத்தை புருஷனும் அம்மாவின் அண்ணனும் ஒரே ஆளாகவே இருக்கலாம். அந்தக் கணக்கு சொல்லில் தங்கிவிட்டது. ஆகவே சொல்லைப் பார்த்து வழியைத் தீர்மானிக்காதீர்கள். ஒவ்வொரு ஆளுக்கும் யார் வழியாக உறவு என்று கேட்டு, மானிடவியலாளர்கள் எழுதுகிற சுருக்கக் குறியில் குறித்துக்கொள்ளுங்கள்:

```
MB    மாமா (தாய்மாமன்)
FZH   மாமா (அத்தை புருஷன்)
FyB   சித்தப்பா (அப்பாவின் தம்பி)
MyZH  சித்தப்பா (சித்தி புருஷன்)
```

M அம்மா, F அப்பா, B உடன்பிறந்தான், Z உடன்பிறந்தாள், H கணவன், y இளையவர். மகனுக்கு S போய்விடுவதால் சகோதரிக்கு Z.

இதற்கு வம்சாவளி மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பேன். அதில் யாருக்கு யார் பிறந்தார் என்பது பதியும், யார் யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார் என்பதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் பென்சிலும் போதும். அழித்து எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: உறவைச் செயலோடு சேர்த்து எழுதுங்கள்

‘மெட்டர்னல் அங்கிள்’ என்று எழுதிப் பார்த்தேன். வாரிசுச் சான்றிதழ் மனு மாதிரி இருந்தது, ஆச்சியின் குரல் போய்விட்டது. அடிக்குறிப்பும் எனக்குப் பிடிக்காது. அம்மா பட்டினி கிடக்கிற இடத்தில் வாசகரைப் பக்கத்தின் அடிக்கு அனுப்பக் கூடாது.

கடைசியில், மாமா முதன்முதலில் வரும் வாக்கியத்திலேயே ‘அம்மாவின் அண்ணன், அவர் மடியில்தான் பிள்ளைக்குக் காது குத்துவது’ என்ற பொருளை ஆங்கிலத்தில் நுழைத்தேன். சித்தப்பாவுக்கு ‘அம்மாவின் தங்கையைக் கட்டியவர்’ என்பது மட்டும். அதற்குப் பிறகு இருவரையும் தமிழ்ச் சொல்லாலேயே அழைத்தேன். ஆச்சி ஏன் விடவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றாம் படி: ‘கசின்’ என்ற சொல்லை ஒதுக்குங்கள்

பெரியம்மை மகன் எனக்கு அண்ணன். அத்தை மகன் அத்தான், கட்டிக்கொள்ளும் முறை. இருவரையும் கசின் என்றால், அத்தானைக் கண்டு அக்கா கதவுக்குப் பின்னால் போனது ஏன் என்று தெரியாது. அண்ணனை ‘பிரதர்’ என்றே எழுதி, பெரியம்மை மகன் என்பதை ஒருமுறை சொல்லிவிடுங்கள். அத்தானை அத்தானாகவே விடுங்கள். ஒன்று கவனம்: நம்ம பக்கம் அக்கா புருஷனும் அத்தான்தான், அங்கேயும் காலண்டர் தாளைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர் எழுதியிருந்தார். மாமாவை `Mama` என்று எழுதியதால், அவருடைய பேத்தி கதை முழுக்க அம்மா என்றே நினைத்து வாசித்திருக்கிறாள். காதுகுத்துக்கு அம்மாவே வரவில்லை என்று அழுதாளாம். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது எல்லா இடத்திலும் `Maama` என்று மாற்றிவிட்டேன். மாற்றும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் உண்மையிலேயே அம்மாவைக் கூப்பிடுகிற `Mama` எங்காவது இருந்தால் அதுவும் மாமாவாகிவிடும்.