பெட்ரோலா, எலக்ட்ரிக்கா: கிலோமீட்டருக்கு எத்தனை காசுன்னு பாக்குறப்ப நடக்கிற தப்பு

சிங்கப்பூர்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க போடுற கணக்கு பெரும்பாலும் இப்படித்தான்: பேட்டரி 2.16 யூனிட், ஃபுல் சார்ஜுக்கு 80 கிலோமீட்டர்னு பிரோஷர் சொல்லுது, கரண்ட் யூனிட்டுக்கு 27.5 காசு, ஆக கிலோமீட்டருக்கு முக்கால் காசு. பெட்ரோலுக்கு லிட்டர் 2.85 வெள்ளி, 38 கிலோமீட்டர் ஓடுது, ஏழரை காசு. பத்துல ஒரு பங்குதான் செலவு! (விலையெல்லாம் உதாரணத்துக்கு, உங்க ரேட்ட போட்டுக்குங்க.)

ரெண்டு பக்கமும் தப்பு. பேட்டரில எவ்வளவு பிடிக்குது, பிரோஷர்ல எத்தனை கிலோமீட்டர் போட்டிருக்குங்கிறத வச்சு கணக்கு போடக்கூடாது, நீங்க நிஜமா ஓட்டுன தூரத்துக்கு சுவத்து பிளக்ல இருந்து எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கணும், ஏன்னா சார்ஜர் சூடாகுறதுக்கும் நீங்கதான் காசு கட்டுறீங்க. பேட்டரிய கழட்டி மேல வீட்டுல சார்ஜ் போடுறவங்களுக்கு இது ஈஸி, பிளக்ல மாட்டுற கரண்ட் மீட்டர் ஒன்னு போதும். வீட்டுக்கு வர்ற எஸ்பி கரண்ட் பில்ல பாத்து கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க, ஏர்கான் ரெண்டு மணி நேரம் கூட ஓடுனாலே இது காணாம போயிடும், அதுல தண்ணி காசு வேற சேர்ந்து வரும். 45 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடி ஃபுல் ஆக்க மீட்டர் 2 யூனிட் காட்டுதுன்னு வைங்க. ஜிஎஸ்டி சேத்தா யூனிட் 30 காசு, மொத்தம் 60 காசு, கிலோமீட்டருக்கு 1.3 காசு. முதல்ல போட்டதவிட கிட்டத்தட்ட டபுள்.

பெட்ரோல்ல போர்டு விலைய எடுக்காம, கார்டு டிஸ்கவுண்ட் போக கையில இருந்து போனத எடுங்க. சின்ன டேங்க், ஸ்டாண்டு சாய்ஞ்சிருந்தாலே ஃபுல்னு தெரியிற அளவு மாறும், அதனால ஒரே பம்புல, நடு ஸ்டாண்டு போட்டு, மூணு தடவை ஃபுல் அடிச்சு மொத்தமா பாருங்க. 15 லிட்டர், 36 வெள்ளி, 570 கிலோமீட்டர்னா 6.3 காசு. ஆயில் மாத்துறதுக்கு ஒரு காசு சேத்தா 7.3. டயர், பிரேக் பேட் ரெண்டுக்கும் உண்டு, ஒரு பக்கம் மட்டும் சேக்காதீங்க.

ஆனா இதவிட பெரிய தப்பு பேட்டரிய மறக்கிறதுதான், கரண்ட்ல அரை காசு முன்ன பின்ன ஆனா பெருசா ஒன்னும் மாறாது, பேட்டரில மாறும். புது பேட்டரி 1,500 வெள்ளி, 30,000 கிலோமீட்டர் உழைக்கும்னா கிலோமீட்டருக்கு 5 காசு, கரண்டோட 6.3. இப்ப வித்தியாசம் வெறும் ஒரு காசு! 50,000 ஓடுச்சுன்னா பேட்டரி செலவு 3 காசாயிடும், எலக்ட்ரிக் நல்லாவே ஜெயிக்கும். வாடகை பேட்டரின்னா மாச வாடகைய அந்த மாசம் ஓடுன கிலோமீட்டரால வகுங்க.

பேட்டரி ஓட்டாம வச்சாலும் வயசாகும், நம்ம ஊரு சூட்டுல இன்னும் சீக்கிரமா. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுறவங்களுக்கு அந்த 30,000 வர பத்து வருஷம் ஆகும், பேட்டரி அதுவரைக்கும் தாங்கும்னு நம்பி வகுக்காதீங்க. வாரண்டி எத்தனை வருஷமோ அதுக்குள்ள நீங்க ஓட்டப்போற கிலோமீட்டரால வகுத்தா, பேட்டரிக்கு வர்ற அதிகபட்ச செலவு தெரிஞ்சிடும்.