பத்து எழுத்துப் பெயர்: கடைசி எழுத்தை மட்டும் வெட்டாதீர்கள்

வீடியோ விளையாட்டில் பாத்திரத்துக்குப் பத்து எழுத்துக்குள் பெயர் வைக்கும்போது நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு, பிடித்த பெயரை அப்படியே தட்டிவிட்டு, இடம் போதாவிட்டால் வாலை வெட்டுவது. தமிழில் ஒரு சொல்லின் பொருளே பல நேரம் வாலில்தான் இருக்கிறது.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகன் கடல் மந்திரவாதி ஒருவனை உருவாக்கினான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வளர்ந்த பையன், வேறு எதை எடுப்பான்? `Kadalvendan` என்று அடித்தான். 11 எழுத்து. கடைசி n ஏறவில்லை. "ஒரு எழுத்துதானே மாமா, விட்டுடலாமா?" என்றான். திரையில் நின்றது `Kadalvenda`. வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "கடல் வேண்டா" என்று படித்துவிட்டு அவனே அழித்தான்.

சரி, தமிழிலேயே அடிக்கலாம் என்றான். அந்த விளையாட்டு தமிழை ஏற்றது. கடல்வேந்தன், நம் கணக்கில் 7 எழுத்து. ஆனால் கடைசிப் புள்ளி விழவில்லை, 'கடல்வேந்தன' என்று நின்றது. பல விளையாட்டுகள் யூனிகோட் குறிகளைத்தான் எண்ணும். அதில் புள்ளி தனிக் குறி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனிக் குறி. 'வே' என்பது வ ஒன்று, ே ஒன்று. அப்படி எண்ணினால் இதுவும் 11 வருகிறது. அதனால் தமிழில் வைப்பவர்கள் மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் இரண்டாகவும், 'க', 'ட' போன்ற அகர எழுத்தை ஒன்றாகவும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து அவன் உயிரெழுத்துகளைப் பிடுங்கி `Kdlvndn` என்றான். இடம் மிஞ்சியது, ஆனால் கூட ஆடுபவர்கள் அதை எப்படிக் கூப்பிடுவார்கள்? நெடிலைக் குறிலாக்குவது இன்னும் மோசம். `Aazhi` என்றால் கடல். ஒரு a போனால் `Azhi`, அதாவது 'அழி'. பெயருக்குப் பின்னால் 007 ஒட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அந்த மூன்று இடத்தில் ஒரு நல்ல அசையே வைக்கலாம்.

எழுத்தைக் குறைக்காமல் சொல்லை மாற்றுவதுதான் வழி. வேந்தனுக்குப் பதில் கோன் போட்டால் `Kadarkon`, 8 எழுத்து. கடற்கோன், பொருள் அப்படியே இருக்கிறது. தமிழில் அடித்தாலும் 8 குறிதான். அவனுக்கோ 'கோன்' என்றதும் ஐஸ்கிரீம் நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்றான். நண்பர்கள் வாயில் பெயர் எப்படி விழும் என்பதும் முக்கியம்தான், நான் வற்புறுத்தவில்லை.

அப்புறம் அலையைப் பிடித்தோம். பழந்தமிழில் அலைக்குத் திரை என்று பெயர். தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையன் பெயரிலும் அது இருக்கிறது. `Ilandiraiyan` 12 எழுத்து, ஏறாது. ஆனால் இங்கே முன்பாதியை நீக்கலாம். 'இளம்' என்பது அடைமொழி, அது போனாலும் மிச்சம் முழுச் சொல்லாகவே நிற்கும்: `Thiraiyan`. 9 எழுத்து. இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு பையன் ஓகே அமுக்கினான்.