அரபி வினை வடிவங்கள்: எங்கே தவறுகிறோம்?

அரபியில் மூன்றெழுத்து வேரோடு ஓர் எழுத்தோ சில எழுத்துகளோ சேரும்போது புது வினை பிறக்கிறது. மேற்கத்தியப் பாடநூல்கள் இந்த வடிவங்களுக்கு எண் கொடுக்கும். நம் ஊர் மதரஸாக்களில் தஃப்ஈல், இஃப்ஆல் என்று 'பாப்' பெயர் சொல்லிப் படிப்பார்கள். எப்படிப் படித்தாலும், ஒரு வடிவத்துக்கு ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்துவிட்டால் சிக்கல்தான்.

நடு எழுத்து இரட்டிக்கும் இரண்டாம் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். 'கஸர' என்றால் உடைத்தான், 'கஸ்ஸர' என்றால் நொறுக்கினான். இதைப் பார்த்ததும் 'இரட்டித்தால் அழுத்தம்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் 'அலிம' (அறிந்தான்) என்பது 'அல்லம' ஆகும்போது 'நன்றாக அறிந்தான்' என்று ஆவதில்லை, 'கற்பித்தான்' என்று ஆகிறது. மூல வினை செயப்படுபொருள் ஏற்காததாகவோ, அறிதல் போன்ற மனநிலையைச் சொல்வதாகவோ இருந்தால், இரட்டிப்பு பெரும்பாலும் பிறவினையாக்கும். மூன்றாவதாக இன்னொரு பொருளும் உண்டு. 'கதப' என்றால் பொய் சொன்னான். 'கத்தப' என்றால் ஒருவரைப் பொய்யர் என்றான். குர்ஆனின் 91ஆம் அத்தியாயத்தில் ஸமூது கூட்டத்தார் தூதரை என்ன செய்தார்கள் என்று சொல்லும் இடத்தில் 'ஃபகத்தபூஹு' என்று வருகிறது: அவரைப் பொய்ப்பித்தார்கள். இதை 'நிறையப் பொய் சொன்னார்கள்' என்று படித்தால், பொய்யின் பழி யார் மேல் சுமத்தப்பட்டது என்பதே மாறிப்போகும்.

இரண்டாம் வடிவத்தையும் முன்னால் 'அ' சேரும் நான்காம் வடிவத்தையும் ஒன்றாக எண்ணுவது அடுத்த தவறு. இரண்டும் பிறவினை தரும் என்பது உண்மைதான். ஆனால் 'அல்லம' கற்பித்தான், 'அஃலம' தெரிவித்தான். ஒன்று தொடர்ந்து நடப்பது, மற்றது ஒரே தடவையில் முடிவது. இதே கோணத்தில் 'நஸ்ஸல' என்றால் சிறிது சிறிதாக இறக்கினான், 'அன்ஸல' என்றால் மொத்தமாக இறக்கினான் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் சிலர் பிரித்தார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் அதை விதியாக்கிவிடக் கூடாது. குர்ஆன் 25:32இல் 'ஏன் ஒரே தடவையில் மொத்தமாக இறக்கப்படவில்லை' என்று கேட்பவர்கள் பயன்படுத்துவது 'நுஸ்ஸில', அதாவது இரட்டித்த வடிவத்தின் செயப்பாட்டுவினை.

மூன்றாம் வடிவத்தில் முதல் எழுத்துக்குப் பிறகு நெடில் வரும். இதை 'ஒருவரோடு ஒருவர்' என்று மட்டும் படிப்பவர்கள், அதில் முயற்சியும் அடங்கியிருப்பதை விட்டுவிடுகிறார்கள். 'ஸபக' முந்தினான், 'ஸாபக' முந்தப் போட்டியிட்டான். யார் வென்றார் என்று 'ஸாபக' சொல்லாது. நபியவர்களோடு ஓடியதைப் பற்றி ஆயிஷா அவர்கள் சொன்ன ஹதீஸில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: 'ஃபஸாபக்துஹு ஃபஸபக்துஹு', அவரோடு போட்டியிட்டு ஓடினேன், அவரை முந்திவிட்டேன். இரண்டுக்கும் ஒரே பொருள் என்றால் இந்த வாக்கியமே தேவைப்படாது. இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் 'அவரோடு' என்கிறோம்; அரபியில் அவர் நேரடிச் செயப்படுபொருள். தமிழை நினைத்துக்கொண்டு இங்கே 'உடன்' என்று பொருள்படும் 'மஅ' சேர்க்கக் கூடாது. இருவரையும் எழுவாயாக்க வேண்டுமென்றால் ஆறாம் வடிவம் இருக்கிறது: 'தஸாபகா', இருவரும் போட்டியிட்டார்கள். அதே ஆறாம் வடிவம் பாசாங்கையும் காட்டும்: 'தமாரள' நோயாளிபோல் நடித்தான்.

ஐந்தாம், ஏழாம் வடிவங்களைக் குழப்புபவர்களுக்குத் தமிழே கைகொடுக்கும். 'கஸர' உடைத்தான், 'இன்கஸர' உடைந்தது. 'கஸ்ஸர' நொறுக்கினான், 'தகஸ்ஸர' நொறுங்கியது. அதாவது ஏழாவது மூல வினையின் விளைவு, ஐந்தாவது இரண்டாவதன் விளைவு. அதனால்தான் 'அல்லம' கற்பித்தான் என்றால் 'தஅல்லம' கற்றுக்கொண்டான். செயப்பாட்டுவினையான 'குஸிர' வேறு: உடைக்கப்பட்டது. அதில் உடைத்த ஒருவர் மறைந்து நிற்கிறார். 'இன்கஸர'வில் அப்படி யாரும் தேவையில்லை.

அப்படியானால் 'அலிம'விலிருந்து 'இன்அலம' என்று ஆக்கலாமா? கூடாது. கண்ணுக்குத் தெரியும் விளைவுள்ள செயல்களுக்கே ஏழாம் வடிவம் என்று பழைய இலக்கண ஆசிரியர்கள் சொன்னார்கள்; அறிதல் அதில் சேராது. எல்லா வேருக்கும் எல்லா வடிவமும் இல்லை, எனவே அட்டவணையைப் பார்த்துச் சொல் உருவாக்காமல் அகராதியைப் பாருங்கள்.

பத்தாம் வடிவத்துக்கும் அகராதி வேண்டும். 'இஸ்தஃலம' தகவல் கேட்டான், 'இஸ்தக்ஃபர' மன்னிப்புக் கேட்டான். இங்கே 'வேண்டினான்' என்ற பொருள் சரி. 'இஸ்தஹ்ஸன' நல்லதென்று கருதினான், 'இஸ்தஹ்ஜர' கல்லாக மாறியது. ஹஜர் என்றால் கல் என்பதால் இந்தக் கடைசிச் சொல்லை 'கல்லைக் கேட்டான்' என்று எழுதினால் வாக்கியம் உடனே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அதன் எழுவாய் பெரும்பாலும் களிமண்ணாக இருக்கும்.