பவுடர் டின் மூன்று வாரம் வருகிறதா? அளவு தப்பு

புதிதாக வேலைக்குச் சேரும் உணவியலாளர்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் "சத்து பவுடர், 2 ஸ்பூன், 2 வேளை" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. முதல் வருடம் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

எந்த ஸ்பூன்?

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு பாட்டி, எடை 50 கிலோ. மூன்று வாரம் கழித்து வந்தபோது 2 கிலோ இறங்கியிருந்தார். "நீங்க சொன்ன மாதிரி ரெண்டு வேளையும் பால்ல கலந்து கொடுக்கிறேம்மா, டின் இன்னும் தீரல" என்றார் மகள். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த 400 கிராம் டின்னில் ஒரு வேளை அளவு 55 கிராம் என்று போட்டிருந்தது. உள்ளே இருக்கும் கரண்டியால் 6 கரண்டி, 190 மி.லி. தண்ணீரில். அதில் சுமார் 236 கலோரி, 9 கிராம் புரதம். மகள் போட்டது டீ ஸ்பூனால் இரண்டு. நிறுத்துப் பார்த்தால் 9 கிராம். அதில் 39 கலோரி, ஒன்றரை கிராம் புரதம்கூட இல்லை. கலக்கிய ஒரு டம்ளர் பாலிலேயே 6 கிராம் புரதம் இருக்கிறது! பாட்டிக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். அந்தக் குடும்பம் பணம் கொடுத்து வாங்கிய டின் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை. பிழை என் சீட்டில் இருந்தது.

இப்போது நான் முதலில் கேட்பது, "டின் எத்தனை நாள் வருது?" என்றுதான். சொன்னபடி இரண்டு வேளை கொடுத்தால் அந்த டின் மூன்றரை நாளில் தீர வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் முட்டை, பால், பருப்பை வைத்துத் திட்டம் போடுங்கள். டின்னை நீட்டிக்க அளவைக் குறைக்காதீர்கள்.

100 கிராம் கட்டம்

டின் லேபிளில் '100 கிராமுக்கு' என்ற கட்டத்தில்தான் பெரிய எண்கள் இருக்கும். பாட்டி குடிப்பது 100 கிராம் அல்ல. 'ஒரு வேளைக்கு' என்ற கட்டத்தைப் படியுங்கள்.

'சர்க்கரை சேர்க்கவில்லை'

இதை நம்பி நீரிழிவுக்காரருக்குத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பல பவுடர்களில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். அது லேபிளில் சர்க்கரை வரியில் வராது, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஆகவே மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கலக்கும்போது

முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பவுடர். தண்ணீருக்குப் பதில் பாலில் முழு அளவையும் கலந்தால் கெட்டியாகி, வயிறு நிரம்பி, சிலருக்குப் பேதியாகும். அப்புறம் அடுத்த வேளைச் சாப்பாடும் போச்சு.

கொதிக்கும் தண்ணீர்

வேண்டாம். கட்டி தட்டும்.

விழுங்கும்போது புரையேறுகிறவர், சிறுநீரக நோயாளி

டாக்டரைக் கேட்காமல் டின்னைத் திறக்காதீர்கள்.